கம்ப்ரசர் சத்தத்தில் ஒரு ப்ராஜெக்ட்

இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு அடிபடும். "ப்ராஜெக்ட் டைட்டில் கேக்கறாங்க, என்ன குடுக்கறதுன்னே தெரியல." அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எட்டாம் செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு 10 கிரெடிட். எந்தத் தனிப் பாடத்துக்கும் அவ்வளவு கிடையாது. ஆனாலும் பலர் கடைசியில் போய் நிற்பது, காசு வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் செய்து கையில் கொடுக்கும் ப்ராஜெக்ட் சென்டர்களில்தான். இத்தனைக்கும் அதே பிள்ளைகள் சில மாதங்களுக்கு முன்புதான் கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் முடித்து, நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள்.

அந்த நோட்டுக்குள்ளேயே ஒரு ப்ராஜெக்ட் இருக்கும். வெளியே எடுப்பதில் இரண்டு தயக்கம். பார்த்ததில் எது ப்ராஜெக்ட் ஆகும் என்பது ஒன்று. கம்பெனியிடம் எப்படி அனுமதி கேட்பது என்பது மற்றொன்று. பலரும் முதலில் தலைப்பை முடிவுசெய்துவிட்டு, ஒரு சம்பிரதாயமாகக் கடைசியில் அனுமதி கேட்கிறார்கள். அதுதான் கோளாறு. கம்பெனி தயங்காமல் சரி சொல்லக்கூடிய கேள்வி எது என்று தேடத் தொடங்கினாலே, நல்ல ப்ராஜெக்ட்டும் கூடவே கிடைத்துவிடும்.

ஓர் உதாரணத்தை முழுக்கப் பார்ப்போம். கோவையில் பம்ப்செட்டுக்கும் வண்டிகளுக்கும் உதிரிபாகம் கடையும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்று. மெக்கானிக்கல் படிக்கும் மாணவர் ஒருவர் அங்கே இன்டர்ன்ஷிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் ஸ்டோர், அடுத்தது சிஎன்சி, பிறகு குவாலிட்டி என்று ஒவ்வொரு பிரிவாகச் சுற்றிக் காட்டுகிறார்கள். அவருடைய நோட்டில் எந்திரங்களின் பெயர், ஆர்பிஎம், டூல் வகை எல்லாம் ஏறுகின்றன. இதைத் தட்டச்சு செய்து கொடுத்தால் இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட் ஆகும். ப்ராஜெக்ட் ஆகாது. கம்பெனி ஏற்கெனவே செய்து முடித்த ஒரு மேம்பாட்டைத் தன்னுடையதாக எழுதிக் கொடுப்பதும் ப்ராஜெக்ட் ஆகாது. வைவாவுக்கு வரும் வெளித்தேர்வாளர் "இதில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டால் அங்கேயே நின்றுபோகும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எந்திரங்கள் எல்லாம் நிற்கின்றன. ஆனால் பின்பக்க ஷெட்டில் இருக்கும் ஏர் கம்ப்ரசர் கொஞ்ச நேரம் உறுமுகிறது, அடங்குகிறது, மறுபடியும் உறுமுகிறது. யாருமே காற்றைப் பயன்படுத்தாதபோது அது யாருக்காக ஓடுகிறது? மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரிடம் கேட்டால், "லைன்ல ஏர் லீக் இருக்கும் தம்பி. எல்லாக் கம்பெனியிலயும் இருக்கறதுதான்" என்கிறார். எவ்வளவு லீக் என்றால், "அதெல்லாம் அளந்து பாத்ததில்ல."

அந்தக் கடைசி பதிலில்தான் ப்ராஜெக்ட் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த, யாரும் அளக்காத ஒரு விஷயம். கம்பெனிக்கு அதனால் ஒரு நஷ்டம் இருக்கிறது, அதை அளக்க ஒரு முறை இருக்கிறது, சரிசெய்த பின் மறுபடி அளந்து ஒப்பிடவும் முடியும். இதைவிட முக்கியமாக, இந்தக் கேள்விக்கு விடை காண வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், டிராயிங் வேண்டாம், விலைப்பட்டியல் வேண்டாம். கம்ப்ரசரும் காற்றுக் குழாயும் எந்தத் தொழிற்சாலையிலும் இருப்பவை. அவற்றைப் பற்றி எழுதினால் கம்பெனியின் தொழில் ரகசியம் எதுவும் வெளியே போகாது.

இதே மாணவர் "சிஎன்சி எந்திரத்தில் சைக்கிள் டைம் குறைப்பு" என்று கேட்டிருந்தால் கதை வேறு. ஒரு பாகத்தைக் கடைய எத்தனை வினாடி என்பது, அந்தக் கம்பெனி என்ன விலைக்குக் கொட்டேஷன் கொடுக்கிறது என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். டிராயிங்கோ பெரும்பாலும் வாடிக்கையாளருடையது. அதை வெளியே கொடுக்கக் கம்பெனிக்கே உரிமை இருக்காது. தலைப்பு பிரமாதமாக இருந்தாலும் மேனேஜர் தலையாட்ட மாட்டார். ஆட்டினாலும் அவருக்கு மேலே இருப்பவர் தடுப்பார்.

சரி, யாரிடம் கேட்பது? சான்றிதழ் கொடுத்தது ஹெச்.ஆர். என்பதால் நேரே அங்கே போகிறவர்கள் அதிகம். அங்கே இருப்பவருக்குக் கம்ப்ரசர் லீக் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு "பாக்கலாம் தம்பி" என்பதுதான் அவருக்குப் பாதுகாப்பான பதில். முதலில் போக வேண்டியது மெயின்டனன்ஸ் மேனேஜரிடம். அளவெடுக்க நேரம் ஒதுக்க வேண்டியவர் அவர், பலன் போய்ச் சேர்வதும் அவருக்குத்தான். அவர் ஒப்புக்கொண்ட பிறகு ஹெச்.ஆர். அல்லது ஆலைத் தலைவர் கையெழுத்து வாங்குவது சுலபம். மேனேஜரின் வாய்ச்சொல்லோடு நின்றுவிடவும் கூடாது. அவர் வேலை மாறிப் போனால் அனுமதியும் அவரோடு போய்விடும்.

கேட்கும்போது ஒரே ஒரு பக்கம் போதும். ஆனால் அந்தப் பக்கத்தில் சில விஷயங்கள் மழுப்பலில்லாமல் இருக்க வேண்டும். என்ன அளக்கப் போகிறேன்: கம்ப்ரசர் காற்றை ஏற்றும் நேரமும் ஏற்றாமல் ஓடும் நேரமும். எத்தனை முறை வருவேன், எந்த நாளில், யார் கூட இருக்க வேண்டும். எதைத் தொட மாட்டேன்: உற்பத்தி எண்ணிக்கை, டிராயிங், வாடிக்கையாளர் விவரம். புகைப்படம் எடுப்பேனா, எடுத்தால் எதை மட்டும். ரிப்போர்ட்டில் கம்பெனி பெயர் வருமா. கல்லூரியில் கொடுப்பதற்கு முன் கம்பெனியில் யார் படித்துப் பார்ப்பார், அதற்கு எத்தனை நாள் அவகாசம். இந்தக் கடைசி வரியை எழுதும் மாணவர்கள் மிகக் குறைவு. மேனேஜரின் மனம் இளகுவது அநேகமாக இந்த வரியைப் படித்ததும்தான்.

கம்பெனியின் பயத்தைக் கொஞ்சம் அவர்கள் பக்கம் நின்று பாருங்கள். "இந்த ஆலையில் 30 சதவீதக் காற்று வீணாகிறது" என்று அவர்கள் பெயரோடு ஒரு ரிப்போர்ட் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. நாளைக்கு அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் கண்ணில் அது பட்டால்? அதனால் "கோவையில் உள்ள ஒரு எந்திர உதிரிபாகத் தொழிற்சாலை" என்று எழுதிக்கொள்ள நாமே முன்வர வேண்டும். அவ்வளவுதான் என்று நினைத்து ரிப்போர்ட்டின் கடைசியில் கம்பெனி லெட்டர்ஹெட்டில் சான்றிதழை இணைத்துவிடுவார்கள் சிலர். பெயரை மறைத்ததன் பயன் அந்த இடத்திலேயே போயிற்று. சான்றிதழை கைடிடமும் துறைத் தலைவரிடமும் மட்டும் காட்டி, நூலகப் பிரதியில் சேர்க்காமல் விடலாமா என்று துறையிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். போட்டோ பின்னணியில் தெரியும் பெயர்ப்பலகையும் அப்படித்தான்.

அனுமதி கிடைத்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை வாங்க தம்பி, எலக்ட்ரீஷியன் ஒருத்தர் இருப்பாரு" என்கிறார் மேனேஜர். இனி அளவெடுப்பு.

முறை எளிமையானது. உற்பத்தி இல்லாத நாளில் எந்திரங்கள் எதையும் ஓட்டாமல், காற்றுக் குழாய்களை மட்டும் வழக்கமான அழுத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். கம்ப்ரசர் மேல் வரம்பை எட்டியதும் காற்று ஏற்றுவதை நிறுத்தும். லீக்கினால் அழுத்தம் இறங்கி, கீழ் வரம்பைத் தொட்டதும் மறுபடி ஏற்றும். ஏற்றும் நேரத்தையும் ஏற்றாத நேரத்தையும் ஸ்டாப்வாட்சில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சுற்று போதாது. ஆறேழு சுற்றாவது எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். ஏற்றும் நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால், கம்ப்ரசரின் திறனில் எத்தனை பங்கு லீக்கில் போகிறது என்பது வந்துவிடும்.

இங்கே தவறு நடக்க இரண்டு இடங்கள் உண்டு. எந்திரங்களை நிறுத்தும் ஆபரேட்டர் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு எந்திரத்தின் காற்று வால்வையும் மூடிவிடுவார். அப்போது எந்திரத்துக்குள் இருக்கும் ரெகுலேட்டர், டியூப், சிலிண்டர் லீக் எதுவும் கணக்கில் வராது. விடை குறைவாக வரும். நேர்மாறாக, சிஎன்சி எந்திரத்தின் மின்சாரத்தை அணைக்காமல் விட்டால், அதன் ஸ்பிண்டிலுக்குள் தூசி போகாமலிருக்க ஊதும் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். அது லீக் இல்லை, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. அதையும் சேர்த்து எண்ணினால் விடை கூடிவிடும். ஆகவே வால்வு திறந்திருக்க வேண்டும், எந்திரம் அணைந்திருக்க வேண்டும். இந்த ஒரு வரியை ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் மாணவர் உண்மையிலேயே அளந்திருக்கிறார் என்று தேர்வாளருக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்று, இந்த முறை ஏற்றி-நிறுத்தும் வகைக் கம்ப்ரசருக்கு மட்டுமே சரிவரும். விஎஃப்டி வைத்த புதுக் கம்ப்ரசர்கள் தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும். இப்படி ஏறி இறங்காது. அங்கே காற்று ஓட்டத்தை அளக்கும் மீட்டரோ, தொட்டியின் அழுத்தம் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்கும் முறையோ வேண்டும்.

இனிக் கணக்கு. எளிதாக இருக்க ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம். கம்ப்ரசரின் திறன் நிமிடத்துக்கு 2.8 கனமீட்டர், அதாவது கடைக்காரர்கள் சொல்லும் 100 சிஎஃப்எம். முழுச்சுமையில் எடுக்கும் மின்சாரம் 20 கிலோவாட். சராசரியாக 45 வினாடி ஏற்றுகிறது, 105 வினாடி சும்மா ஓடுகிறது. மொத்தம் 150 வினாடியில் 45 என்றால் 30 சதவீதம். யாருமே காற்றைத் தொடாதபோது கம்ப்ரசரின் திறனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குழாய் மூட்டுகளின் வழியே போய்க்கொண்டிருக்கிறது.

மாணவர்கள் அடுத்ததாகச் செய்வது இது: 20 கிலோவாட்டில் 30 சதவீதம் 6 கிலோவாட். நாளுக்கு 16 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 28,800 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 2,30,400 ரூபாய். அந்தத் தொகையைக் கொட்டை எழுத்தில் போட்டு, "கம்பெனிக்கு இவ்வளவு மிச்சம்" என்று கடைசி ஸ்லைடு முடியும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் தப்பு.

தப்பு எங்கே? ஏற்றி-நிறுத்தும் ஸ்க்ரூ கம்ப்ரசர் காற்று ஏற்றாதபோதும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்போதும் முழுச்சுமையில் சுமார் 25 முதல் 40 சதவீதம் வரை மின்சாரம் எடுக்கும். நம் உதாரணத்தில் 30 சதவீதம் என்று வைத்தால் 6 கிலோவாட். லீக்கை அடைத்தால் ஏற்றும் நேரம் குறையும், சும்மா ஓடும் நேரம் அதே அளவு கூடும். அப்படியானால் ஒவ்வொரு மணிக்கும் மிச்சமாவது 20-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம்தான், முழு 20 இல்லை. இரண்டாவதாக, லீக்கை ஒரேயடியாகப் பூஜ்ஜியமாக்க எந்த ஆலையாலும் முடிவதில்லை. 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தாலே நல்ல பராமரிப்பு. அந்தக் கணக்குப்படி 30-லிருந்து 10-க்கு இறங்கினால் 20 சதவீதம், 14 கிலோவாட்டில் 20 சதவீதம் 2.8 கிலோவாட். வருடத்துக்கு 13,440 யூனிட், சுமார் 1,07,500 ரூபாய். முதல் கணக்கில் பாதி கூட இல்லை.

மேனேஜருக்கு இந்த இரண்டாவது எண்ணைக் கொடுத்தால் அவர் நம்புவார். ஏனென்றால் அவருக்கு மின்கட்டண பில் தெரியும். முதல் எண்ணைக் கொடுத்தால் மூன்று மாதம் கழித்து பில்லைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் வரும் மாணவருக்குக் கதவைச் சாத்துவார். யூனிட் விலையையும் நாமாக வைத்துக்கொள்ளாமல் பில்லிலிருந்து கேட்டு வாங்கலாம். கொடுக்கத் தயங்கினால் ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ப்ராஜெக்ட்டுக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை.

அளந்ததோடு நின்றால் அது ஆடிட். கல்லூரி எதிர்பார்ப்பது அதற்கு ஒரு படி மேலே. எந்த மூட்டுகளில் லீக் அதிகம் என்பதைத் தேடிக் குறிக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் போதும், கையை வைத்துத் தேடக் கூடாது. அழுத்தக் காற்று தோலைக் கிழித்து உள்ளே போகும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது குயிக் கப்ளிங், கிளிப் போட்டு இறுக்கிய ஹோஸ், ஃபில்டர்-ரெகுலேட்டர் கிண்ணம், தண்ணீர் வடிய அரைகுறையாகத் திறந்துவிட்ட டிரெய்ன் வால்வு. ஒவ்வொன்றிலும் எண் போட்ட அட்டை கட்ட வேண்டும். அடைப்பது மெயின்டனன்ஸ் ஆட்களின் வேலை, மாணவர் ஸ்பேனரைத் தொடத் தேவையில்லை. அடைத்த பின் மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே சோதனை. ஒரு மாதம் கழித்து மூன்றாவது முறையும் செய்தால்தான் ப்ராஜெக்ட்டுக்கு உயிர் வரும். லீக் திரும்ப வருகிறதா, எந்த வகை மூட்டில் முதலில் வருகிறது என்ற கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைக்கும். அந்தப் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது, அந்த ஆலையில் மட்டுமே கிடைப்பது. மூன்றாவது அளவைக்கு இடம் வேண்டுமானால் முதல் அளவை டிசம்பரிலேயே முடிந்திருக்க வேண்டும். மார்ச் மாதம் தொடங்குகிறவர்களால் முடியாது.

எழுதி முடித்த வரைவை ஒப்புக்கொண்டபடி கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் எதை நீக்கச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதில் மாணவருக்குத் தெளிவு இருக்கட்டும். பெயர், படம், தொகை போன்றவற்றை நீக்கச் சொன்னால் நீக்கலாம். 30 சதவீதத்தை 12 என்று மாற்றச் சொன்னால் மாற்றக் கூடாது. அப்படி ஒரு நிலை வந்தால் கைடிடம் சொல்லி, அந்த எண்ணையே விட்டுவிட்டு "முதல் அளவையோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது" என்று விகிதமாக எழுதலாம். பொய்யும் இல்லை, ரகசியமும் வெளியே போகவில்லை.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். சம்பளமில்லாத இன்டர்ன் அந்த வரையறைக்குள் வருவாரா என்பது வாதத்துக்குரியது. அதனால் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியமாகிறது. அந்தத் தாளைப் படிக்காமலே கையெழுத்திட்டவர்கள் ஒரு பிரதி கேட்டு வாங்கி இப்போதாவது படிக்கலாம். ப்ராஜெக்ட்டில் புதிதாக ஒரு ஜிக்கோ கருவியோ உருவாகியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பேட்டன்டுக்கு விண்ணப்பிக்கும் முன் அது மாநாட்டிலோ இதழிலோ வெளியாகிவிட்டால் புதுமை என்ற தகுதியே போய்விடக்கூடும். முதலில் கம்பெனியிடம் பேச்சு, பிறகுதான் பேப்பர்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு இது எல்லாமே இன்னும் கூர்மையாகப் பொருந்தும். அவர்கள் தொட்டது கோடும் வாடிக்கையாளர் தகவலும். இன்டர்ன்ஷிப்பில் எழுதிய கோடைத் தன் GitHub பக்கத்தில் ஏற்றுவது, உண்மையான பெயரும் போன் எண்ணும் இருக்கும் டேபிளைக் கல்லூரிக்கு எடுத்துவருவது இரண்டும் கூடாது. கேள்வியை மட்டும் எடுத்து வந்து, பொதுவில் கிடைக்கும் தகவலை வைத்துக் கோடைப் புதிதாக எழுத வேண்டும். அதற்கும் அனுமதிக் கடிதம் வேண்டும்.

கம்பெனி முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேள்வி நன்றாக இருந்தால் அதற்கு வேறு இடம் கிடைக்கும். அநேகமாக எல்லா இன்ஜினியரிங் கல்லூரி ஒர்க்‌ஷாப்பிலும் ஒரு கம்ப்ரசர் இருக்கிறது. அதுவும் லீக் ஆகிறது, அதையும் யாரும் அளந்ததில்லை. சிறியதாக இருந்தால் அது அழுத்தம் எட்டியதும் மோட்டாரையே நிறுத்திவிடும் வகையாக இருக்கலாம். அப்போது சும்மா ஓடும் மின்சாரம் என்ற சிக்கலே கிடையாது, கணக்கு இன்னும் எளிது. மறுத்த கம்பெனியின் பெயரையோ அங்கே பார்த்த எண்களையோ மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.

இந்தக் கோடையில் இன்டர்ன்ஷிப் போகிறவர்கள் கடைசி வாரம் முடிவதற்குள் மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் அந்த ஒரு பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டால், மறுபடி உள்ளே போக கேட் பாஸுக்கே ஒருவர் கையெழுத்து வேண்டும்.